கைக்கு வருவது 24 லட்சம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவன் நான். விருப்ப ஓய்வில் போகிறவர்கள் தங்கள் இழப்பீட்டுத் தொகைக்கு வரி எப்படி விழுகிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அதைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம்.

என் மைத்துனர் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தார். வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள். முடித்த ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் மூன்று மாதச் சம்பளம் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அவருக்கு மாதம் 40 ஆயிரம் ரூபாய். 20 ஆண்டுகள் முடிந்திருந்தன. ஆக 24 லட்சம். அதை நம்பி வீட்டுக் கடனை அடைக்கவும் மகளின் படிப்புக்கும் திட்டம் போட்டுவிட்டார். 2025 டிசம்பர் கடைசியில் விடுவித்தார்கள். வங்கிக் கணக்கைப் பார்த்தவர் நேரே என்னிடம் வந்தார். “அத்தான், மூணரை லட்சத்துக்குப் பக்கத்துல குறையுது. கணக்குல ஏதோ தப்பு இருக்கு” என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். பிடித்திருந்தது 3,43,200 ரூபாய். கணக்கில் தப்பே இல்லை.

மைத்துனரின் வருமானத்துக்குப் பொருந்திய 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(10சி) பிரிவு விருப்ப ஓய்வு இழப்பீட்டுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கு அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்தான். அதற்கு மேல் வருவது சம்பளத்துக்குப் பதிலாக வந்த ஆதாயம் என்ற பெயரில் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். மொத்தமாக வந்த பணம், ஒருமுறை வந்த பணம் என்பதற்காகத் தனியாகக் குறைந்த வரி ஏதும் கிடையாது. நிறுவனமும் சம்பளத்தில் பிடிப்பதுபோலவே டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும்.

மைத்துனரின் கணக்கு இதுதான். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம், படிகளெல்லாம் சேர்த்து மாதம் 75 ஆயிரம் வீதம் 6,75,000 ரூபாய் சம்பளம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75 ஆயிரம் போக 6 லட்சம். இதோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறதல்லவா? ஆனால் இழப்பீட்டில் விலக்குப் போக மிஞ்சிய 19 லட்சம் வந்து சேர்ந்ததும் வருமானம் 25 லட்சம் ஆகிவிட்டது. தள்ளுபடி போயிற்று. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சம் வரை 3 லட்ச ரூபாய் வரி. கடைசி ஒரு லட்சத்துக்கு 30 சதவீதம். மொத்தம் 3,30,000. நான்கு சதவீத மேல்வரி 13,200. வாழ்நாளில் 30 சதவீத வரம்பை எட்டிப் பார்க்காத மனிதர், வேலையை விட்ட வருடத்தில் எட்டினார். அடுத்த மாதம் முதல் அவருக்குச் சம்பளமே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைவிட வருத்தமானது வேறொன்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை எப்போது விடுபட விருப்பம் என்று அந்த நிறுவனமே கேட்டிருந்தது. பணம் சீக்கிரம் வரட்டும் என்று இவர் டிசம்பரைக் குறித்துக் கொடுத்தார். ஏப்ரல் 30 என்று எழுதியிருந்தால்? முடித்த ஆண்டு 20தான் என்பதால் இழப்பீடு மாறியிருக்காது. முந்தைய நிதியாண்டில் 9 லட்சம் முழுச் சம்பளத்துக்கும் வரி வந்திருக்காது. புதிய நிதியாண்டில் ஒரே மாதச் சம்பளம். அது நிலையான கழிவிலேயே கரைந்துவிடும். வரிக்கு உரியது 19 லட்சம் மட்டும். இதே விகிதத்தில் போட்டால் மேல்வரியோடு 1,87,200 ரூபாய். வேறு வருமானம் கொஞ்சம் இருந்தால் தொகை கூடும். ஆனாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். நான்கு மாதச் சம்பளமும் கூட வந்திருக்கும். மாறாக மார்ச் 31 என்று எழுதியிருந்தால் முழு வருடச் சம்பளமும் இழப்பீடும் ஒரே ஆண்டில் விழுந்து, வரி 4,13,400 ஆகியிருக்கும். மார்ச்சில் விடுபட்டுப் பணத்தை ஏப்ரலில் வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பக் கூடாது. சம்பள வருமானத்துக்கு, பணம் கைக்கு வந்த நாள், அது சேர வேண்டிய நாள் இரண்டில் எது முந்தியதோ அதுதான் கணக்கு.

தவணைகளாகக் கொடுத்தால் ஒவ்வொரு தவணைக்கும் 5 லட்சம் விலக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. எல்லாத் தவணைக்கும் சேர்த்து ஒரே 5 லட்சம். அதுவும் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான்.

அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி நிவாரணம் கேட்கலாமே என்று மைத்துனரின் நண்பர் சொல்லியிருக்கிறார். கேட்கலாம். மூன்று ஆண்டாவது பணி முடித்து, இன்னும் மூன்று ஆண்டாவது மீதம் இருந்தவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. இழப்பீட்டை மூன்றாகப் பிரித்து முந்தைய மூன்று ஆண்டுகளின் வருமானத்தோடு சேர்த்துப் பார்த்து, அந்தச் சராசரி விகிதத்துக்கு மேல் போன வரியைக் குறைப்பார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் முன் படிவம் 10இ கொடுக்க வேண்டும். ஆனால் 5 லட்சம் விலக்கு வாங்கிய தொகைக்கு 89 கிடையாது. 89 வாங்கியவருக்கு அந்த விலக்கு எந்த ஆண்டிலும் கிடையாது. இழப்பீடு மிகப் பெரியதாக இருந்தால் விலக்கை விட்டு 89-க்குப் போவது லாபமாகலாம். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் நிறுவனத்திடம் விலக்கைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

இனி அரசுக்கு. பணிக்கொடைக்கான வரிவிலக்கு உச்சவரம்பு 2018-ல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்ந்தது. தனியார் ஊழியர்கள் ஓய்வின்போது பெறும் விடுப்புச் சம்பளத்துக்கு 2023-ல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது. விருப்ப ஓய்வு இழப்பீட்டுக்கு மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே 5 லட்சம். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்களே, அவர்களுக்கும் இதே 5 லட்சம்தான் வரம்பு. விடுப்புச் சம்பளத்துக்குக் கொடுத்த 25 லட்சத்தை, வேலையையே விட்டுப் போகிறவனின் இழப்பீட்டுக்கும் கொடுப்பதில் என்ன தயக்கம்? அப்படி இருந்திருந்தால் என் மைத்துனரின் 24 லட்சத்தில் ஒரு காசு வரி வந்திருக்காது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. விருப்ப ஓய்வுச் சுற்றறிக்கையோடு ஊழியருக்குக் கொடுக்கும் தாளில் மொத்தத் தொகைக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: இந்தத் தேதியில் விடுபட்டால் பிடிக்கப்படும் வரி இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. நானே செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவு ஊழியர்