உறைக்கு ஏன் சீல் வைத்தார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பகுதியில் மத்திய அரசு ஊழியர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பணிமூப்புப் பட்டியலில் தன் பெயர் மேலே இருந்தும் ஜூனியர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள், கேட்டால் "விஜிலென்ஸ் விசாரணை இருக்கிறது" என்கிறார்கள், முறையீடு மேல் முறையீடாக அனுப்பியும் பதிலே இல்லை, பதில் வந்ததும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று எழுதியிருந்தார். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய மனுக்களுக்குத் துறையின் சார்பில் பதில் மனுக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம்தான் இருந்தது. எதிர்த் தரப்பு எதைப் பிடித்துக்கொண்டு பேசும் என்பதை அவருக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

மனு வந்ததும் நாங்கள் பார்ப்பது தேதிகளைத்தான். 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம், துறைக்குள் முறையிட்டுப் பார்த்த பிறகுதான் வரச் சொல்கிறது. முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டால் அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு. பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதற்குப் பிறகு ஓராண்டு. உதாரணத்துக்கு, ஜூனியரின் உத்தரவு 2024 மார்ச்சில் வந்து, இவர் ஏப்ரல் 10 அன்று முறையிட்டு, பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 10 அன்று ஆறு மாதம் முடிகிறது. 2025 அக்டோபர் 10க்குள் மனு தாக்கலாகிவிட வேண்டும். நடுவில் எத்தனை நினைவூட்டல் கடிதம் போட்டாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. எஸ்.எஸ். ராத்தோர் வழக்கில் 1989லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போடலாம். ஆனால் "பதில் வரும் என்று காத்திருந்தேன்" என்பது அதற்குப் பலமான காரணம் ஆகாது. நண்பர் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடுத்தது காரணங்கள். பெரும்பாலான மனுக்களில் "நான் சீனியர், எனவே எனக்குத்தான் தர வேண்டும், தராதது அரசமைப்புச் சட்டத்தின் 14, 16ஆம் பிரிவுகளுக்கு விரோதம்" என்று இருக்கும். இதற்குப் பதில் எழுத எங்களுக்கு அரை மணி நேரம் போதும். பதவி உயர்வு அடிப்படை உரிமை அல்ல, அதற்குப் பரிசீலிக்கப்படுவதே உரிமை. டி.பி.சி. எனப்படும் பதவி உயர்வுக் குழு அவரைப் பரிசீலித்தது, முடிவு, விசாரணை முடியும் வரை திறக்காத சீல் வைத்த உறையில் இருக்கிறது. அவ்வளவுதான், மனுவின் பாதி பலம் போய்விடும். மூப்பு என்பது வரிசையில் நிற்க இடம் தருகிறது. வரிசையில் இருந்து ஏன் நகர்த்தினார்கள் என்ற காரணத்தை உடைத்தால்தான் வழக்கு நிற்கும்.

அந்தக் காரணத்துக்குக் கணக்கு இருக்கிறது. 1992 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசுக் குறிப்பாணைப்படி, ஒருவரின் முடிவை உறையில் போட்டு வைக்க மூன்று நிலைமைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது துறை நடவடிக்கைக்கான சார்ஜ் மெமோ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர்மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருக்க வேண்டும். புகார் வந்தது, விளக்கம் கேட்டோம், பூர்வாங்க விசாரணை நடக்கிறது என்பதெல்லாம் இதில் சேராது. 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிதான் இந்தக் குறிப்பாணைக்கு அடிப்படை.

ஆகவே நண்பர் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று விஷயம் கேட்டு வாங்க வேண்டும்: டி.பி.சி. எந்தத் தேதியில் கூடியது, தன் விஷயத்தில் சீல் வைத்த உறை முறை கையாளப்பட்டதா, தன்மேல் சார்ஜ் மெமோ இருந்தால் அதன் தேதி என்ன. கிடைக்கும் பதில்தான் மனுவின் முதுகெலும்பு. அதன்பின் காரணத்தை இப்படி எழுதலாம்: "ஜூனியர் பதவி உயர்வு பெற்ற தேதியில் மனுதாரர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இல்லை, சார்ஜ் மெமோ இல்லை, குற்ற வழக்கும் இல்லை, எனவே உறைக்குச் சீல் வைத்ததே குறிப்பாணைக்கு முரண்." ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு இணைப்பு ஆவணம் இருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அதே குறிப்பாணையின் 7ஆம் பத்தி, டி.பி.சி. பரிந்துரைத்த பிறகு, ஆனால் பதவி உயர்வு கைக்கு வரும் முன்பு சார்ஜ் மெமோ வந்தாலும் உறையில் இருப்பதாகவே கருதச் சொல்கிறது. கோப்பைத் தாமதப்படுத்தி, அப்புறம் மெமோ கொடுத்து, 7ஆம் பத்தியைக் காட்டுவது துறைகளுக்குத் தெரிந்த வித்தைதான். அனில் குமார் சர்க்கார் வழக்கு இங்கே கைகொடுக்கும். அவர் வடகிழக்கு எல்லை ரயில்வேயில் இருந்தவர். ஜூனியர்களுக்கு 2003 ஏப்ரலில் பதவி உயர்வு வந்தது. அவருக்கு மெமோக்கள் வந்தது ஆகஸ்டிலும் அதற்குப் பிறகும்தான். தீர்ப்பாயத்தில் தோற்றார், கவுகாத்தி உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2013இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. ஜூனியர்கள் உயர்ந்த தேதியில் மூன்று நிலைமைகளில் எதுவும் இல்லை என்பதே முடிவைத் தீர்மானித்தது.

பரிகாரம் கேட்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "எனக்குப் பதவி உயர்வு வழங்க உத்தரவிட வேண்டும்" என்று நேரடியாகக் கேட்டால், டி.பி.சி.யின் வேலையைத் தீர்ப்பாயம் தானே செய்யாது. உறை இருக்கிறது என்றால், அதைத் திறந்து, தகுதியானவர் என்று இருந்தால் ஜூனியரின் தேதியிலிருந்து பதவி உயர்வு தர உத்தரவிடுமாறு கேட்க வேண்டும். உறையே இல்லை, பரிசீலிக்கவே இல்லை என்றால் மறுஆய்வு டி.பி.சி. கூட்டச் சொல்ல வேண்டும். இரண்டையும் மாற்று வேண்டுகோளாக வைப்பது நல்லது. பணிமூப்பு, ஊதிய நிர்ணயம், நிலுவைத் தொகை மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பணமில்லாத "நோஷனல்" உயர்வோடு கோப்பை மூடிவிடுவார்கள். வேலை செய்யத் தயாராக இருந்தவரைத் துறையே தள்ளி வைத்தால் 'வேலை இல்லை, சம்பளம் இல்லை' என்ற வாதம் அப்படியே செல்லாது என்று ஜானகிராமன் தீர்ப்பு சொல்கிறது. அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துவிடுங்கள்.

மனம் நொந்தவர்கள் இடமாற்றம், பழைய தண்டனை, வராத பயணப்படி எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டுவார்கள். நடைமுறை விதிகள் அதற்கு இடம் தரவில்லை. ஒரே வழக்குமூலம், அதிலிருந்து பிறக்கும் பரிகாரங்கள், அவ்வளவே. தன் இடம் ஜூனியருக்கு மேலே போக வேண்டும் என்று கேட்பதால் அந்த ஜூனியரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். பாதிக்கப்படக்கூடியவரைக் கேட்காமல் உத்தரவிட முடியாது என்ற ஒரு வரி ஆட்சேபம் பல வழக்குகளைக் கவிழ்த்திருக்கிறது. அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை என்பது வேறு விஷயம்.

மாநில அரசு ஊழியர்கள் இதைப் படித்துவிட்டு அதே தீர்ப்பாயத்தின் வாசலுக்குப் போய்விட வேண்டாம். தமிழ்நாட்டுக்கென்று இருந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் மூடப்பட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுக்கு வழி உயர் நீதிமன்ற ரிட் மனுதான். அங்கே சட்டம் வகுத்த ஓராண்டுக் கெடு இல்லை என்றாலும், தாமதம் ஆனதற்குக் காரணம் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
தாம்பரம்