தலைப்பைச் சின்னதாக்கு, கண்ணம்மா

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் வந்தது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று தலைப்புகள் யோசித்திருக்கிறீர்கள்: பிளாஸ்டிக் ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு, பார்வையற்றவர்களுக்குச் சென்சார் வைத்த கைத்தடி. இப்படிப்பட்ட போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டும் மிகப் பெரியவை. நான்கு மாணவிகள் சில வாரங்களில் அதில் என்ன மாற்றினார்கள் என்று காட்டவே முடியாது. கைத்தடியோ ஒவ்வொரு அரங்கிலும் ஏதாவது ஒரு மேசையில் இருக்கும். "இதைப் பிடித்து நடந்து பார்த்தவர் யார்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய். உன் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் புவியியல் வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிவதால் மதிப்பெண் போனது என்று. எனக்கு அதுதான் தலைப்பாகத் தெரிகிறது.

சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையன்களிடம்தான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, மற்ற பல மக்களிடம் அதைவிடக் குறைவு. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சுவரொட்டியில் போடாதீர்கள். உங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்பதுதான் நடுவர்களுக்கு வேண்டும்.

இப்போது தலைப்பைச் சுருக்க வேண்டும். "நிறப்பார்வைக் குறைபாடு விழிப்புணர்வு" என்று வைத்தால் மறுபடியும் பெரிதாகிவிடும். "நிறம் தெரியாவிட்டாலும் படிக்க முடிகிற வினாத்தாள்" என்று வைத்துப் பார். யாருக்கு, எங்கே, எதை மாற்றுகிறோம் எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது.

செய்யும் வேலையும் உங்கள் கைக்குள் அடங்கும். வரைபடத்தில் நிறத்தோடு புள்ளி, கோடு, கட்டம் என்று நிரப்புங்கள். வரைகோட்டுப் படத்தில் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரை எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தால் போதும்: வினாத்தாளைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பாருங்கள், அப்போதும் பதில் எழுத முடிந்தால் சரி.

பலன் கிடைத்தது என்று எப்படிக் காட்டுவது? இங்கேதான் நிறைய அணிகள் சறுக்குகின்றன. ஒரே வரைபடத்தை முதலில் பழைய வடிவிலும் பிறகு புதிய வடிவிலும் கொடுத்தால், இரண்டாம் முறை மதிப்பெண் எப்படியும் கூடும். கேள்விகள் ஏற்கெனவே பழகிவிட்டன அல்லவா? அதனால் ஒரே அளவு கடினமான இரண்டு தொகுப்புகள் தயாரியுங்கள். பாதிப் பேருக்கு முதல் தொகுப்பைப் பழைய வடிவிலும் இரண்டாவதைப் புதிய வடிவிலும் கொடுங்கள். மீதிப் பேருக்கு அதை அப்படியே மாற்றிக் கொடுங்கள். குறைபாடு இல்லாத சிலரையும் சேர்த்துக்கொண்டால், புதிய வடிவம் அவர்களுக்கு இடைஞ்சலாக இல்லை என்பதும் தெரியும். நான்கே பேர்தான் கிடைத்தார்கள் என்றால் "நான்கு பேரில் மூன்று பேர்" என்றே எழுதுங்கள். "75 சதவீதம்" என்று எழுதினால் அடுத்த கேள்வியே "மொத்தம் எத்தனை பேர்?" என்பதாகத்தான் இருக்கும்.

புதுமையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மிகெல் நெய்வா என்ற போர்ச்சுகீசிய வடிவமைப்பாளர் நிறங்களுக்குக் குறியீடுகள் உண்டாக்கி, கலர்ஆட் என்று பெயர் வைத்திருக்கிறார். அதை மறைக்காமல் உங்கள் சுவரொட்டியிலேயே போடுங்கள். அந்த முறையில் படிப்பவர் குறியீடுகளைக் கற்றுக்கொள்ள வேண்டும், உங்கள் முறையில் வினாத்தாள் தயாரிப்பவர் மாறினால் போதும். அந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் புதுமைக்கான மதிப்பெண் வரும். யாருமே யோசிக்காதது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடுவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் மற்றதையெல்லாம் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

முடியாததையும் எழுதுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் பிஎச் தாளின் நிறத்தைக் கோடும் புள்ளியும் போட்டு மாற்ற முடியாது. அங்கே மீட்டர் வேண்டும், இல்லையென்றால் கூட ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

யாருக்குக் குறைபாடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, நிறப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த இஷிஹாரா தட்டுகள் என்ற படங்கள் இருக்கின்றன, 1917இல் வெளிவந்தவை. அச்சிட்ட புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில் காட்ட வேண்டும். போன் திரையில் நிறம் மாறிவிடும். தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள், பெயர் எந்தத் தாளிலும் வேண்டாம். முடிவை "கண் மருத்துவரைப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நோய் என்று முடிவு கட்டுவது உங்கள் வேலை இல்லை.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பையனிடம் பேசு. அவன் கதையிலிருந்துதான் இந்தத் தலைப்பு வந்தது, அவன் சம்மதிக்க வேண்டும். அணியில் சேர விருப்பமா என்றும் கேள். எந்தப் படம் அவனைக் குழப்புகிறது என்பது உங்கள் நால்வரையும்விட அவனுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதே. எனக்கு எழுது, வேறு தலைப்பு யோசிப்போம்.

அன்புடன்,
அப்பா