சித்திக்கு: டோஸைக் கூட்டச் சொல்லும் முன் ஒரு வாரம்

அன்புள்ள சித்திக்கு,

நேற்று நீங்கள் ஃபோன் செய்தபோது கடையில் கூட்டம். "சித்தப்பாவின் பார்க்கின்சன் மாத்திரை இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, டோஸைக் கூட்டச் சொல்லலாமா?" என்றீர்கள். அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். இதே கேள்வியோடு எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்களும் உண்டு. அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டு இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

சித்தப்பாவின் நாளை நீங்கள் சொன்னபடியே எழுதிப் பார்த்தேன். காலை எட்டரைக்கு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். அந்தப் பாலோடு மாத்திரை. பத்து மணிக்கு மேல்தான் கை கால் இளகுகிறது. பன்னிரண்டரைக்குக் குளித்துவிட்டு வந்தால் சட்டையின் மூன்றாவது பட்டனில் விரல் நின்றுவிடுகிறது. ஒன்றரைக்குச் சாப்பாடு, கூட்டில் பருப்பு, கடைசியில் தயிர், உடனே இரண்டாவது மாத்திரை. அது பல நாள் கேட்பதே இல்லை. மூன்றாவது, இரவு எட்டரைக்குச் சாப்பிட்ட பின்.

இதில் மாத்திரை மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்து வயிற்றில் உறிஞ்சப்படுவதில்லை. வயிற்றைத் தாண்டி சிறுகுடலின் மேல்பகுதிக்குப் போன பிறகுதான் இரத்தத்தில் சேரும். வயிறு நிறைந்திருந்தால் மாத்திரையும் சோற்றோடு சோறாக அங்கேயே காத்துக் கிடக்கும். பார்க்கின்சன் வந்தவர்களுக்கு வயிறு காலியாவதே மெதுவாகத்தான். குடலுக்கு வந்த பிறகும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். பால், முட்டை, பருப்பு, கறி எல்லாம் செரித்தால் வருவதும் அமினோ அமிலங்கள்தான். இவற்றில் பலவும் லெவோடோபாவும் குடல் சுவரில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு முண்டுகிற கூட்டம் மாதிரி. இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் இடத்திலும் இதே நெரிசல்தான். இவ்வளவு கூட்டத்தில் நூறு மில்லிகிராம் மாத்திரை என்ன செய்யும்?

"ஐந்து வருஷமாக இப்படித்தானே கொடுத்தேன், அப்போது கேட்டதே" என்பீர்கள். ஆமாம். ஆரம்பத்தில் மூளையில் மிச்சமிருந்த செல்கள் வந்த மருந்தை, அசைவுக்கு வேண்டிய டோபமைனாக்கிச் சேர்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தன. மாத்திரை முன்னே பின்னே ஆனாலும் தெரியவில்லை. வருடம் போகப் போக அந்தச் செல்கள் குறைந்து, சேர்த்து வைக்க இடமில்லாமல் போகிறது. இப்போது இரத்தத்தில் இருக்கும் அளவுதான் கணக்கு. அதுவோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த வேளை வரும் முன்பே விறைப்பு திரும்புகிறதே, அதை டாக்டர்கள் 'வேரிங் ஆஃப்' என்பார்கள். காலை மாத்திரை பன்னிரண்டரைக்குத் தீர்ந்துபோகிறது என்பதைத்தான் சட்டைப் பட்டன் சொல்கிறது.

அதனால் முதல் வேலை இது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், முடிந்தால் முக்கால் மணி, முழு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால் ஒரு மணி நேரமாவது கழித்து. பருப்பும் முட்டையும் கனமாக இருந்தால் இரண்டு மணி. வெறும் வயிற்றில் குமட்டினால் பால் வேண்டாம், இரண்டு பிஸ்கட்டோ அரை வாழைப்பழமோ போதும். அப்படியும் வாந்தி வந்தால் பக்கத்துக் கடையில் நீங்களாக மாத்திரை கேட்காதீர்கள். சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு டோபமைனையே தடுத்துவிடும், விறைப்பு கூடும். இரும்புச்சத்து மாத்திரையும் இதோடு சேரக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இதைப் படித்துவிட்டு முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள், உங்களைத் தெரியும்! சித்தப்பா அறுபது கிலோ. அவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் அளவுக்காவது புரதம் வேண்டும், இல்லையென்றால் தசை கரையும், நடை இன்னும் தள்ளாடும். முட்டையையும் பாலையும் சுண்டலையும் இரவுக்கு மாற்றுங்கள். பகலில் நடமாட்டம் வேண்டும், இரவில் கொஞ்சம் விறைத்தால் சமாளிக்கலாம் என்பதுதான் கணக்கு. இரவில் படுக்கையில் புரளவே முடியவில்லை என்றால் இந்த மாற்றம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம், விட்டுவிடலாம்.

போன வாரம் கோயிலுக்குப் போன அன்று மதிய வேளையை மறந்து, இரவில் இரண்டாகச் சேர்த்துக் கொடுத்தீர்களே, அது மட்டும் இனி வேண்டாம். அன்று ராத்திரி எழுந்தபோது அவருக்குத் தலை சுற்றியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம், இந்த மருந்து இரத்த அழுத்தத்தை இறக்கும். மறந்தது நினைவுக்கு வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளையைக் கொஞ்சம் தள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். ஒரு வேளை தவறினால் அன்று சிரமப்படுவார், அவ்வளவுதான். மாத்திரை தீர்ந்துபோய் நாள் கணக்கில் நின்றுவிட்டால் கதை வேறு. கடும் காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பு, பேச்சுக் குழப்பம் என்று வந்தால் இரவோ பகலோ உடனே ஆஸ்பத்திரி.

இதே மாத்திரை சாப்பிட்டு வந்த என் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்தபோது வார்டில் எல்லா மாத்திரையும் அவர்கள் ரவுண்ட்ஸ் நேரத்துக்குத்தான் வந்தது. காலை ஏழு மணி மாத்திரை பத்தேகாலுக்கு. அவர் வாயைத் திறந்து இட்லியை விழுங்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாளே அவருடைய நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். அந்த ஒரு தாளுக்காக நர்ஸிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

அப்புறம், கை ஆடுவதை வைத்து மட்டும் மாத்திரையை எடைபோடாதீர்கள். விறைப்பும் மந்தமும்தான் லெவோடோபாவுக்கு நன்றாகக் கேட்கும். நடுக்கம் சிலருக்கு முழுசாக அடங்காது. எல்லா ஆட்டமும் நடுக்கம்தான் என்றும் இல்லை. மாத்திரை போட்டு ஒரு மணி, ஒன்றரை மணியில் தோளும் தலையும் நெளிந்து நெளிந்து, பாட்டுக்கு ஆடுகிற மாதிரி அசைந்தால் அது மருந்து உச்சத்தில் இருப்பதன் அடையாளம். அதை நடுக்கம் என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்தால் இன்னும் மோசமாகும். வேரிங் ஆஃப் அசைவில் மட்டும் தெரியும் என்றும் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் காரணமில்லாமல் வியர்க்கிறது, படபடப்பாக இருக்கிறது, கண் கலங்குகிறார் என்றீர்களே, அதுவும் இதில் சேர்ந்ததாக இருக்கலாம்.

ஒரு கோடு போட்ட நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள். மாத்திரை நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு இளகினார், எத்தனைக்கு விறைத்தார், எப்போது நெளிந்தார். சாப்பாட்டிலிருந்து பிரித்த பிறகும் பன்னிரண்டரை பட்டன் நிற்கிறது என்றால் டாக்டர் அதே மருந்தை நான்கு வேளையாகப் பிரிக்கலாம், லெவோடோபா சீக்கிரம் தீராமல் பார்த்துக்கொள்ளும் என்டகப்போன் சேர்க்கலாம் (சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம்). அதை முடிவு செய்ய அவருக்கு அந்த நோட்டு வேண்டும்.

ஞாயிறு காலை வருகிறேன். யாரோ கொடுத்தார்கள் என்று சித்தப்பா தேனில் குழைத்துச் சாப்பிடும் பூனைக்காலிப் பொடி டப்பாவைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது. எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்கு என்று நோட்டில் அதையும் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்