புதன்கிழமைக் கூட்டம்: 30 நொடி அறிமுகம்

வணக்கம் நண்பர்களே. வரும் புதன் காலை 7.30 மணிக்கு நம் வணிகர் கூட்டம். அறிமுகத்துக்கு ஆளுக்கு 30 நொடி. மணி அடித்தால் பாதி வாக்கியமானாலும் மைக் அடுத்தவருக்குப் போய்விடும்.

1. எழுதி வாருங்கள். ஐம்பது சொற்களைத் தாண்டினால் மூச்சிரைக்க ஓட வேண்டியிருக்கும்.

2. கடையின் வரலாறு வேண்டாம். போன முறை என் நேரம் முழுவதும் அப்பா வாங்கிய முதல் இயந்திரத்தோடு தீர்ந்தது. என்ன விற்கிறேன் என்றே சொல்லவில்லை.

3. எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். “யாரையும் அனுப்புங்கள்” என்றால் எவர் முகமும் நினைவுக்கு வராது.

இம்முறை நான் சொல்லப்போவது:

“வணக்கம், நான் செல்வி. இனிப்புக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்கிறேன். நெய் கசிந்து அடி நனையாதபடி உள்ளே மெழுகுத்தாள் ஒட்டித் தருகிறேன். நூறு பெட்டி என்றாலும் கடைப் பெயரை அச்சிட்டுத் தருவேன். தீபாவளிக்கு வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர் யாரையாவது தெரிந்தால், அவரிடம் என்னை அறிமுகப்படுத்துங்கள். அட்டைப் பெட்டி செல்வி. நன்றி.”

4. உங்களுடையதைச் செவ்வாய் இரவு 8 மணிக்குள் இங்கே குரல் பதிவாக அனுப்புங்கள். எத்தனை நொடி என்று பதிவே காட்டிவிடும்.

வர இயலாதவர்கள் இன்றே தெரிவியுங்கள். சிற்றுண்டிக்குத் தலை எண்ணிச் சொல்ல வேண்டும்.