9.8 வராத விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள்: இயற்பியல் செய்முறைத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வாளர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புச் செய்முறையில் புவியீர்ப்பு முடுக்கமான g-ஐ அளக்க இருக்கும் தனி ஊசல் சோதனையைப் பற்றித்தான் இந்த மடல். கல்லூரியில் முதலாண்டு ஆய்வகத்தில் பாடம் எடுக்கிறேன். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் ஊசலை நன்றாகவே ஆட்டுகிறார்கள், நேரமும் எடுக்கிறார்கள். ஆனால் விடை 9.8-ஐ விட்டு விலகியதும் ரப்பரைத் தேடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் 9.8 இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை மாற்றக்கூடியவர்கள் நீங்கள்தான்.

முதலில் அந்த 9.8-ஐயே பார்ப்போம். 9.80665 மீ/வி² என்பது 1901-ல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட ஒரு நியம மதிப்பு. ஏறத்தாழ 45 டிகிரி அட்சரேகையில் கடல்மட்டத்தில் இருக்கும் முடுக்கத்தை ஒட்டி அதை வைத்தார்கள். பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க g குறையும். 13 டிகிரியில் இருக்கும் சென்னையில் அது சுமார் 9.783, மதுரைப் பக்கம் 9.782. ஆக, நம் ஊரில் துல்லியமாக அளந்தவருக்குக் கிடைக்க வேண்டியது 9.78. அதை 9.80 ஆக்கச் சொன்னால் சரியான விடையைத்தான் திருத்தச் சொல்கிறோம்.

சரி, பள்ளி ஆய்வகத்து ஊசலால் 9.78-ஐயும் 9.80-ஐயும் பிரித்துக் காட்ட முடியுமா? அதைச் சொல்ல வேண்டியது பிழைக் கணக்கு. ஒரு மாணவி இப்படி அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். நூலின் நீளம் 79.0 செ.மீ., வெர்னியரில் அளந்த குண்டின் ஆரம் 1.0 செ.மீ., மொத்தம் L = 80.0 செ.மீ. 20 அலைவுகளுக்கு ஐந்து முறை நேரம் எடுக்கிறார்: 35.8, 36.0, 35.9, 36.1, 35.8 வினாடி. சராசரி 35.92. அலைவு நேரம் T = 1.796 வினாடி.

g = 4π²L/T² = 9.79 மீ/வி²

பெரும்பாலான நோட்டுகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. சிலர் கால்குலேட்டரில் தெரியும் 9.7912-ஐ அப்படியே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் வேலை இனிமேல்தான் இருக்கிறது. ஐந்து அளவீடுகளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து, அந்த விலகல்களின் சராசரி எடுத்தால் 0.1 வினாடி வருகிறது. ஸ்டாப் வாட்ச் நூறில் ஒரு வினாடி வரை காட்டும். ஆனால் பொத்தானை அழுத்தும் விரலுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. 35.92-ல் 0.1 என்பது 0.28 சதவீதம். சூத்திரத்தில் T இருமடியாக வருவதால் அது 0.56 ஆகும். நீளத்துக்கு வருவோம். நூலின் மேல்முனை கார்க்குக்குள் எங்கே பிடிபடுகிறது என்பதில் 2 மி.மீ. வரை சந்தேகம் இருக்கும். 80 செ.மீ.-ல் அது 0.25 சதவீதம். இரண்டையும் பாடநூல் முறைப்படி கூட்டினால் 0.81 சதவீதம், அதாவது 0.08.

g = 9.79 ± 0.08 மீ/வி²

இந்த ஒரு வரியில் எவ்வளவு தெரிகிறது பாருங்கள். 9.71-லிருந்து 9.87 வரை எந்த மதிப்பும் இந்த அளவீட்டோடு ஒத்துப்போகும். 9.78-ஐயும் 9.80-ஐயும் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. "முடிவு" என்ற தலைப்பின் கீழ் அந்த மாணவி எழுத வேண்டியது இதைத்தான். அடுத்து என்ன செய்யலாம் என்பதும் இதே கணக்கில் கிடைக்கிறது. 20-க்குப் பதில் 50 அலைவுகள் எடுத்தாலும் விரலின் தடுமாற்றம் அதே 0.1 வினாடிதான். ஆனால் மொத்த நேரம் கூடுவதால் T-யின் பங்கு 0.56-லிருந்து 0.22 ஆகக் குறைந்துவிடும். அப்போது நீளத்தின் 0.25 பெரிதாகிவிடும். அதற்கு மேல் அலைவுகளைக் கூட்டிக்கொண்டே போவதால் பெரிய பலன் இல்லை, நூலைப் பிடிக்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைக் கண்டுபிடித்து எழுதும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இப்போது விடை நன்றாகவே தவறிப்போன நோட்டைப் பார்ப்போம். ஒரு மாணவருக்கு 10.85 வருகிறது. 0.08 பிழைவரம்பு உள்ள சோதனையில் இது கை தடுமாறியதால் வந்திருக்க முடியாது, காரணம் வேறு இருக்கிறது. குண்டு புறப்படும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால், "இருபது" சொல்லும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். 20/19-ஐ இருமடியாக்கினால் 1.108. அதை 9.79-ஆல் பெருக்கினால் 10.85. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழியும் இருக்கிறது. அதே மாதிரி எண்ணிக்கொண்டே "நாற்பது" வரை போய் நேரம் எடுத்து, அதிலிருந்து "இருபது" நேரத்தைக் கழிக்க வேண்டும். அவருக்கு 34.1, 70.0 என்று வந்திருந்தால் வித்தியாசம் 35.9. எண்ணத் தொடங்கியதில் இருந்த தவறு இந்தக் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. இரண்டு கணக்கையும் நோட்டில் விட்டுவைத்து, காரணத்தையும் எழுதிய மாணவரை ஏன் தண்டிக்க வேண்டும்?

குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தவர் கதை வேறு. அவருக்கு 9.67 வரும். ஐந்து முறையல்ல, ஐம்பது முறை நேரம் எடுத்தாலும் 9.67-தான் வரும். முறையான பிழை சராசரியால் தீராது. ஆனால் வரைபடம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெவ்வேறு நூல் நீளங்களுக்கு T² வரைந்தால் நேர்கோடு தொடக்கப்புள்ளி வழியாகப் போகாமல், நீள அச்சை –1 செ.மீ. பக்கத்தில் வெட்டும். விட்டுப்போன ஆரம் அதுதான். சாய்விலிருந்து எடுக்கும் g அப்போதும் சரியாகவே இருக்கும். கோட்டை வலுக்கட்டாயமாகத் தொடக்கப்புள்ளி வழியாக இழுக்கச் சொல்லும் பழக்கத்தை நம் ஆய்வகங்கள் விட்டுவிட்டால் நல்லது.

விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்பிய அட்டவணையையும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். L/T² பத்தியைப் பாருங்கள். அந்த 0.1 வினாடி தடுமாற்றம் இருக்கும்வரை அதில் மூன்றாம் தசம இடம் ஆட வேண்டும்: 0.247, 0.249, 0.248 என்று. எல்லா வரியிலும் 0.2482 என்றே நின்றால் அந்த நேரங்களைக் கடிகாரம் கொடுக்கவில்லை. இன்றைக்கு அழகான நோட்டு என்று நாம் டிக் போடுவது பெரும்பாலும் இந்த மாதிரி நோட்டுக்குத்தான். எனக்கு உண்மையாகவே வேதனை தரும் விஷயம் இது.

பிழைகளைப் பற்றிய பாடம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் முதல் அலகிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதைப் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில்தான் அதற்கு இடம் இல்லை. நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு என்ற வரிசையில் கணக்கீட்டுக்கும் முடிவுக்கும் நடுவே பிழைக் கணக்குக்கு அரைப்பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் "g-யின் மதிப்பு என்ன?" என்று கேட்பதோடு, "உன் 9.79-ல் கடைசி 9-ஐ எவ்வளவு நம்பலாம்?" என்றும் கேளுங்கள். முடிவுக்கு உள்ள மதிப்பெண்ணை 9.8-க்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்துப் போடாமல், ± எழுதியிருக்கிறாரா, அது அவருடைய அட்டவணையிலிருந்து வருகிறதா என்று பார்த்துப் போடுங்கள். இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வரும் செய்முறைத் தேர்விலேயே தொடங்கலாம்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்