சொந்த போனில் ஒர்க் ப்ரொஃபைல்: எது யார் கையில்

குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். ஆபீஸ் மெயிலை உங்கள் சொந்த ஆண்ட்ராய்டு போனில் சேர்த்ததும், ஆப்கள் பட்டியலில் Personal, Work என்று இரண்டு பக்கங்கள் வந்திருக்கும். அந்த Work பக்கம்தான் ஒர்க் ப்ரொஃபைல். ஆபீஸ் ஆப்களின் ஓரத்தில் ஒரு குட்டிப் பெட்டிச் சின்னம் தெரியும். ஐடி பிரிவின் கை அந்தப் பெட்டிக்குள்தான் நீளும். உங்கள் போட்டோ, வாட்ஸ்அப், நீங்கள் பார்த்த தளங்கள் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு போன்றவை தெரியும். திரைப் பூட்டு கட்டாயம் என்றும் சொல்லலாம்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். போன மாதம் ஒருவர் பெட்டிச் சின்னம் உள்ள கேமராவில் வீட்டு விசேஷத்தை எடுத்துவிட்டார். படங்கள் ஆபீஸ் பக்கத்தில் சேர்ந்துவிட்டன. வேலை மாறும்போது ப்ரொஃபைலை நீக்கினார்கள், அதோடு படங்களும் போயின. சொந்தப் பக்கத்தில் இருந்தவை அப்படியே இருந்தன. ஆகவே எடுக்கும் முன் சின்னத்தைப் பாருங்கள்.

விடுமுறையில் Work பக்கத்துக்குப் போய் அதை நிறுத்தி வைக்கலாம். ஆபீஸ் மெயில் அறிவிப்பு எதுவும் வராது, நானே ஞாயிறுதோறும் செய்கிறேன்.

அப்புறம் ஒன்று. ஆபீஸ் வாங்கித் தந்த போன் என்றால் கணக்கு வேறு. அங்கே ஐடி பிரிவு மொத்தப் போனையும் அழிக்க முடியும். அதில் குடும்பப் படங்களை வைக்காதீர்கள்.