கலைக்கு, அவசரப்பட்டு நோட்டீஸைக் குறைக்காதே

அன்புள்ள கலை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்ததால் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தேன், இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். உன் மேனேஜர் ராத்திரி பதினொன்றரைக்கு மீட்டிங் போட்டு எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டியதையும், தம்பி கல்யாணத்துக்குக் கேட்ட லீவைக் கடைசி நாளில் ரத்து செய்ததையும் படித்தபோது என் பழைய ஆபீஸ் அப்படியே கண்முன் வந்தது. நீ கிளம்புவதுதான் சரி. ஆனால் "பணத்தைக் கட்டிவிட்டு முப்பது நாள் முன்னாலேயே வந்துவிடட்டுமா" என்று கேட்டிருந்தாய் பார், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அப்படித்தான் வந்தேன். எனக்கு 90 நாள் நோட்டீஸ், ஏப்ரல் 7-ல் ராஜினாமா கொடுத்தேன், கணக்குப்படி ஜூலை 5 கடைசி நாள், புதுக் கம்பெனி ஜூன் முதல் வாரமே வரச்சொன்னது. முப்பது நாள் குறைக்க வேண்டும். கையில் இருந்த 12 நாள் லீவைக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள் (அது அவர்கள் இஷ்டம், பல இடங்களில் ஒப்புக்கொள்வதில்லை), மீதி 18 நாளுக்குச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டினேன். மாதம் 90,000, நாளுக்கு 3,000, ஆக 54,000. இதில் பேஸிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்களா, மொத்தச் சம்பளத்தையா என்பது உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருக்கும் ஒரு வார்த்தையைப் பொறுத்தது. என்னுடையதில் மொத்தம் என்று இருந்தது. புதுக் கம்பெனி அந்தத் தொகையைத் தந்தது, ஆனால் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்துக்கொண்டுதான் தந்தது.

எனக்கு அது சரிப்பட்டது. உனக்குச் சரிப்படாது. நீ சேர்ந்தது 2021 செப்டம்பர் 6. வருகிற செப்டம்பர் 5-ஆம் தேதியோடு ஐந்து வருடம் முடிகிறது, கிராஜுட்டிக்கு அதுதான் கோடு. நீ சொன்னபடி ஜூன் 15-ல் ராஜினாமா கொடுத்தால் 90-ஆவது நாள் செப்டம்பர் 12, கோட்டைத் தாண்டி ஒரு வாரம். 60 நாளில் வெளியே வந்தால் ஆகஸ்ட் 13, அப்போது கிராஜுட்டி கேள்விக்குறி. உன் பேஸிக் 52,000 என்றாய், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 30,000, ஐந்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு, ஆனால் எச்.ஆரோடு அதை வைத்து வாதாடுகிற நிலைக்கு நீ ஏன் போக வேண்டும்? முழு நோட்டீஸையும் முடி. புதுக் கம்பெனியிடம் சேரும் தேதியைச் செப்டம்பர் நடுவில் வைக்கச் சொல்லி இப்போதே எழுதி வாங்கிவிடு. 90 நாள் நோட்டீஸ் சகஜம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ராஜினாமாவை வாயால் சொல்லாதே. நான் பண்ணின பெரிய தப்பு அதுதான். முதலில் மேனேஜரிடம் நேரில் சொன்னேன், "மெயில் போடாதே, ரெண்டு வாரம் பொறு, மேலே பேசுகிறேன்" என்றார். நானும் பொறுத்தேன். மெயில் போகாத வரை நோட்டீஸ் ஓடத் தொடங்காது என்பது அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. அதனால்தான் மார்ச்சில் எடுத்த முடிவு ஏப்ரல் 7 ஆனது. நீ உன் மேனேஜரிடம் சொல்கிற அன்றைக்கே, எச்.ஆரையும் சேர்த்து நாலு வரி மெயில் போட்டுவிடு: ராஜினாமா செய்கிறேன், ஒப்பந்தப்படி கடைசி நாள் இது, வேலையை முறையாக ஒப்படைக்கிறேன், நன்றி. காரணம் வேண்டாம். போர்ட்டலில் ராஜினாமா போடச் சொன்னால் அதையும் அன்றே செய்து, திரையைப் படமெடுத்து உன் சொந்த போனில் வைத்துக்கொள்.

அப்புறம் கவுன்டர் ஆஃபர். கண்டிப்பாக வரும், நீ இல்லாவிட்டால் அந்த ரிப்போர்ட்டிங் வேலையைப் பார்க்க அங்கே ஆளில்லை. எனக்கு வெளியே 1,10,000 கிடைத்தது, இவர்கள் 1,15,000 தருகிறேன் என்றார்கள், கூடவே ஒன்றரை லட்சம் போனஸ். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை, உண்மையாகவே மனசு ஆடிப்போனது. மறுநாள் பேப்பரைக் கேட்டு வாங்கிப் படித்தபோது, 18 மாதத்துக்குள் போனால் போனஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. நான் கிளம்பியதற்குக் காரணம் மூன்று: நடுராத்திரி அழைப்பு, எல்லார் முன்னாலும் திட்டு, லீவ் ரத்து. அந்தப் பேப்பரில் இந்த மூன்றைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை, அதே மேனேஜருக்குக் கீழேயே இன்னும் 18 மாதம். என்னோடு இருந்த ஒரு பையன் அப்படி ஒத்துக்கொண்டு தங்கினான். அடுத்த அப்ரைசலில் "உனக்குத்தான் ஏற்கெனவே ஏற்றியாச்சே" என்று பூஜ்யம் போட்டார்கள், அவன் வேண்டாம் என்று சொன்ன கம்பெனி மறுபடி கூப்பிடவேயில்லை. அதனால் நீ, "யோசித்துச் சொல்கிறேன்" என்று இழுக்காமல், "இன்னொரு இடத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன் சார், கேட்டதற்கு நன்றி" என்று சொல்லி முடித்துவிடு. தொகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது பேரமாகிவிடும், பேரம் படியாமல் பிரிந்தால் கசப்பும் கூடும்.

நோட்டீஸ் காலத்தில் உன் மேனேஜர் இன்னும் மோசமாக நடப்பார், மனசைத் தேற்றிக்கொள். நான் யாருக்கு எதை ஒப்படைத்தேன் என்று ஒரு ஷீட் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் என் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மெயில் போட்டேன். கடைசி வாரம் "ஒப்படைப்பு முடியவில்லை, ரிலீவ் செய்ய முடியாது" என்று அவர் ஆரம்பித்தபோது, எச்.ஆர் அந்தப் பழைய மெயில்களைப் பார்த்துவிட்டு அவரை மேலே பேசவிடவில்லை. எக்ஸிட் இன்டர்வியூவில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றும். கொட்டாதே கலை, புது இடத்திலிருந்து சரிபார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லப்போவதும் அதே எச்.ஆர்தான். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பாக்கி ஏதாவது உண்டா, மறுபடி எடுப்பீர்களா என்பவைதான். தேதிகள் உன் ரெஸ்யூமேயிலும் ரிலீவிங் லெட்டரிலும் பி.எஃப். பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். விலகிய தேதியை அவர்கள் பி.எஃப்.பில் ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீயே உன் யு.ஏ.என். கணக்கில் ஏற்றலாம்.

ரெஃபரன்ஸுக்கு அந்த மனுஷன் பெயரைக் கொடுக்காதே. இரண்டு வருடம் முன்னால் விலகிப்போனாரே உன் பழைய லீட், அவரையே கேள். கேட்கும்போது எந்த வேலைக்குப் போகிறாய், அவரோடு சேர்ந்து செய்த எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையும் சொல்லிவிடு. என் லீடிடம் நான் சொல்லாமல் விட்டதால், பாவம், நான் அப்போது பார்க்காத டெஸ்டிங் வேலையைப் பற்றி அவர் பத்து நிமிடம் பேசியிருக்கிறார்.

ஆபீஸ் மெயில் கடைசி நாள் சாயங்காலமே பூட்டப்படும். அதற்கு முன்னால் சம்பளச் சீட்டுகளையும் ஃபார்ம் 16-களையும் இறக்கி வைத்துக்கொள், ஆபீஸ் ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாதே. மெடிக்கல் இன்ஷூரன்ஸும் அன்றோடு போகும், மாமியாரின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தாயே, முடிந்தால் ஆகஸ்டிலேயே செய்துவிடு.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பற்றிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கினதும் கூப்பிடுகிறேன், சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
சுமதி